அலுவலகப் பாவனைக்கு மட்டும்

கொழும்பிலிருந்த அந்த மொழிபெயர்ப்புப் பயிற்சி நிலையம் நவீனமயமாகிவிட்டதாக 2008ஆம் ஆண்டு பத்திரிகையில் கால்பக்க விளம்பரம் வந்தது. இனிமேல் விண்ணப்பங்களைத் தபாலில் ஏற்கமாட்டார்கள், கையில் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள், எல்லாம் கணினி வழிதான் என்று அதில் பெருமையாகப் போட்டிருந்தது.

கணினி வழி என்றால் எப்படி என்பது வட்டகொடையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலேறி, நெட் கடையில் உட்கார்ந்த பிறகுதான் வினோதாவுக்குத் தெரிந்தது. அவர்களுடைய இணையத்தளத்தில் பெயரைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம்கூட இல்லை. இரண்டு பக்கப் படிவம் ஒன்று தொங்கியது. அதை இறக்கி, அச்செடுத்து, கறுப்பு மையில் கையால் நிரப்பி, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து, இரண்டு எம்பிக்கு மேற்படாமல் ஈமெயிலில் அனுப்ப வேண்டும். வெட்டித் திருத்திய படிவங்கள் நிராகரிக்கப்படும். மூலப்படிவத்தை நேர்முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

"கம்ப்யூட்டரைச் சுத்தி மாட்டுவண்டி ஓட்டுறாங்க போல" என்றாள்.

"மாட்டுக்கு ஸ்பீட் கூட, தங்கச்சி" என்றான் கடைக்காரன் கோபிசங்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடமாக ஹட்டனில் கடை வைத்திருப்பவன்.

உயர்தரம் முடித்து இரண்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி எதையும் காணாமல் இருந்தவளுக்கு இந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும். தமிழும் சிங்களமும் இரண்டு கையாகப் பழகியவள். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கொழுந்து பறிக்க ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பெயரும் ஏறிவிடும். அப்பா அழகன் அதைச் சொல்லவில்லை. ஆனால் புதுக் கூடை ஒன்று வாங்கி மூலையில் வைத்திருந்தார்.

முதல் பக்கத்தை ஒரு மூச்சில் நிரப்பினாள். "வீட்டு இலக்கம், வீதி" என்ற கட்டங்களில் மட்டும் பேனா நின்றது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏது வீதி? "ஆறாம் லயம், கீழ்ப்பிரிவு" என்று எழுதி முடித்தாள். இரண்டாம் பக்கத்தில் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பகுதி இருந்தது. தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்டத்து மேலாளரான துரையிடம் கையொப்பம் வாங்க வேண்டுமாம். புதன்கிழமை காலையில் படிவத்தைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் இராமையாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வியாழன் மாலை போனபோது அவர் படிவத்தைக் கல்யாணப் பத்திரிகைபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

"தொரை ஒப்பம் வச்சுட்டாரு. மத்தத நானே முடிச்சுட்டேன்."

"மத்ததுன்னா எதுங்கய்யா?"

"அடியில பெட்டி போட்டு எழுதியிருக்கில்ல, ஆபீஸ் பாவனைக்கு மட்டும்னு. நீ தொடாம விட்டியே, அதான் படிச்ச புள்ளைங்கிறது."

வினோதா பார்த்தாள். பெட்டி முழுக்கச் சிவப்பு மை. கிடைத்த திகதி எழுதியிருந்தார். தொடரிலக்கம் என்ற இடத்தில் தன் பதிவேட்டின்படி 412. பரிசீலித்தவர் என்ற இடத்தில் வாலோடு ஒரு கையெழுத்து. தீர்மானம் என்ற இடத்தில் "நேர்முகத்துக்கு அழைக்கலாம் / அழைக்க வேண்டியதில்லை" என்று அச்சிட்டிருந்ததில் பின்னதைக் கோடிழுத்து அடித்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே தோட்டத்து முத்திரை, துரையின் கையொப்பத்தையும் தொட்டுக்கொண்டு.

"ஐயா, இது கொழும்பு ஆபீசுக்குங்க."

"எந்த ஆபீசா இருந்தா என்ன? ஒங்க அப்பன் பொறந்தது, நீ பொறந்தது, எல்லாம் இந்த ஆபீஸ் புஸ்தகத்துலதான் இருக்கு. அழைக்க வேண்டியதில்லைன்னு விட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவர் நல்ல மனதோடு செய்த காரியம். நல்ல மனதுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய எந்த ஊரிலும் படிவம் கிடையாது. புதிதாக எழுதலாமென்றால் துரை அன்று மதியமே கொழும்புக்குக் கிளம்பிவிட்டார், திங்கள்தான் வருவார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு கோபிசங்கர் படிவத்தை ஸ்கேனரில் வைத்தான். "உதென்ன தங்கச்சி, பரீட்சைப் பேப்பரே? உவ்வளவு சிவப்பு" என்றான். கதையைக் கேட்டு மேசையில் தலைவைத்துச் சிரித்தான்.

"கம்ப்யூட்டரில பெயிண்டில போட்டு அழிச்சு விடட்டே?"

"அழிச்சா தொரை ஒப்பத்துல பாதியும் போயிருமேண்ணே. ஒரிஜினல வேற கேப்பாங்க. அப்படியே அனுப்புங்க."

வண்ணத்தில் ஸ்கேன் செய்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு எம்பி வந்தது. அவசரத்தில் இரண்டு எம்பி விதியை மறந்து அனுப்பிய ஐந்தாவது நிமிடம், கொழும்பு ஈமெயில் பெட்டி ஏற்க மறுத்துவிட்டதாக ஆங்கிலத்தில் கடிதம் திரும்பி வந்தது. மணி மூன்றரை. மறுபடி வைத்து, வண்ணத்தை நீக்கி, துல்லியத்தையும் பாதியாகக் குறைத்தான். இப்போது அரை எம்பிதான். வினோதா திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்பு மை கறுப்பாகிவிட்டது. முத்திரையில் தோட்டத்தின் பெயர் கரைந்து, எந்த அரசாங்கத்துக்கும் பொருந்தக்கூடிய ஒரு கறுப்பு வட்டம்தான் மிஞ்சியது.

"இப்ப ஒரிஜினல் ஆபீசர் வச்ச மாதிரியே கிடக்கு" என்றான் கோபிசங்கர், கொஞ்சம் பயந்து. மூன்று நாற்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. இராமையா லயத்துக்கே வந்து, "நான்தான் அழைக்கலாம்னு போட்டேன்ல" என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது கொழும்பில்தான் விளங்கியது.

நேர்முக அதிகாரி முத்துலிங்கம் மேசையில் அவளுடைய ஈமெயிலின் அச்சுப்பிரதியை ஒரு பக்கமும், அவள் கொண்டுவந்த சிவப்பு மூலத்தை மறுபக்கமும் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இந்தக் கையெழுத்து ஆற்றை?"

"எங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கருங்க சார். ஆபீஸ்னா எங்களுக்கு அது ஒண்ணுதாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஈமெயிலில் வந்த விண்ணப்பங்களை அச்செடுக்க ஒருவர், அவற்றைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்ய ஒருவர், பரிசீலிக்க ஒருவர் என்று அங்கே ஆட்கள் இருந்தார்கள். பெட்டி ஏற்கனவே நிரம்பியிருந்ததால், மற்றவர் பார்த்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அழைப்புப் பட்டியலின் அடியில் ஒப்பமிட்டவர் முத்துலிங்கமே; விஷயம் வெளியே வந்தால் அகப்படுபவரும் அவரே.

"மொத்தமா வந்ததே நூற்றித் தொண்ணூறு. எங்களுக்கேது நானூற்றிப் பன்னிரண்டாம் இலக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு சிங்களச் சுற்றறிக்கையை நீட்டினார். "இதைத் தமிழில சொல்லும்."

வினோதா நிறுத்தாமல் சொன்னாள். ஓரிடத்தில் மூலத்திலேயே இருந்த பிழையையும் காட்டினாள். அவர் முகம் இன்னும் வாடியது. தகுதியில்லாதவள் என்றால் கதை எளிதாக முடிந்திருக்கும்.

"உம்மை எடுக்கத்தான் வேணும். ஆனா இந்தப் பேப்பரைக் கோப்பில வைக்கேலாது" என்று ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். "புதுசா நிரப்பும். கீழ்ப்பெட்டியைத் தொடாதேயும்."

"தொரை ஒப்பத்துக்கு என்னங்க சார் பண்றது?"

"அதை இங்க ஆரும் பாக்கிறேல்லை. வெறுமையா விடும்."

அந்த ஒப்பத்துக்காகத்தானே இத்தனையும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கறுப்பு மையில் நிரப்பிக் கையொப்பமிட்டு, மேசைக்கு மேலாக நீட்டினாள். முத்துலிங்கம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையில வாங்கேலாது பிள்ளை. ஸ்கேன் பண்ணி அனுப்போணும். கீழ இறங்கி இடப்பக்கம் திரும்பினா ஒரு கடை கிடக்கு."

"ஒங்களுக்குத்தானேங்க சார் அனுப்பணும்?"

"ஓம். நான் இங்கதான் இருப்பன். கலர் வேண்டாமெண்டு சொல்லும், ஈமெயில் பெட்டி தாங்காது."

வினோதா படிவத்தை மடியாமல் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். அனுப்பிவிட்டு மேலே ஏறி வந்தபோது, அந்தத் தாள் முத்துலிங்கத்தின் அச்சுப்பொறியிலிருந்து சூடாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் அதை வாங்கி, அலுவலகப் பாவனைப் பெட்டியைத் தானே நிரப்பி, துளையிட்டுக் கோப்பில் போட்டார்.

"இப்ப எல்லாம் ஒழுங்கு. ரெண்டாந் திகதி வகுப்புக்கு வாரும்."