காலியாகத் திரும்பும் லோரி

"நூத்தி முப்பத்திரண்டு, சார். அது வாசு அண்ணனோட லோரிக்கு உண்மையான—"

"எழுபத்தஞ்சு, ருமானா. இன்னொரு லோரி கம்பெனி எழுபத்தஞ்சுன்னு கையெழுத்துப் போட்டே—"

"அவங்க திரும்பி வர்ற வண்டிய எழுதல, சார், அதனாலதான்—"

"எழுதலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க லோரியில ஏறி உக்காந்து போனீங்களா?"

ருமானா கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். எதிரே சுகுமாறன் மூச்சு வாங்கினார். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடி அறை அது. கீழே மாலை கட்டும் கடைகளின் மல்லிகை வாசம் இங்கே வராது. ஏர்கண்டிஷனர் சத்தம் மட்டும்தான். அவர்கள் கம்பெனிக்கு ரவாங்கில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. கையுறைப் பெட்டிகள் லோரியில் கிள்ளான் துறைமுகக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் ஐரோப்பாவுக்கு. அந்தப் போக்குவரத்தெல்லாம் எவ்வளவு கார்பனை வெளியே விடுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவது ருமானாவின் வேலை. சரக்குப் போக்குவரத்துக்குப் பொறுப்பு சுகுமாறன்.

அளவுகோல் எளியதுதான். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக எத்தனை கிராம் கார்பன்? லோரிக்காரர் வாசுவுக்கு நூற்று முப்பத்திரண்டு. போட்டிக் கம்பெனிக்கு எழுபத்தைந்து. சிறிய எண் வைத்திருப்பவனுக்கே அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வாசுவின் இரண்டு லோரிகளும் இந்தக் கம்பெனி ஒன்றை நம்பித்தான் ஓடுகின்றன.

"சார், ஒரு நிமிஷம் இப்படிப் பாருங்க." ருமானா தாளைத் திருப்பி வைத்தாள். "பதினஞ்சு டன், அறுபது கிலோமீட்டர். போறப்ப இருபத்தோரு லிட்டர். பெட்டிய இறக்கிட்டு காலியா திரும்பறப்ப பதினாறு. டீசல் எடுக்கறது, சுத்திகரிக்கறது எல்லாம் சேர்த்து லிட்டருக்கு மூணு புள்ளி ரெண்டு கிலோ வருது. ரெண்டு வழியும் சேர்த்தா நூத்தி முப்பத்திரண்டு. அந்தப் பதினாற அடிச்சிட்டுப் பாருங்க."

சுகுமாறன் கணிப்பானைத் தட்டினார்.

"எழுபத்தஞ்சு வருதா, சார்?"

"வருது."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே லோரிதான் ஓட்டறாங்க. ஒருத்தர் முழுசா எழுதினார், ஒருத்தர் பாதி எழுதினார். காலி ஓட்டத்தச் சேர்க்கணும்னு விதியே இருக்கு."

"விதி இருக்கு லா. அவங்க குடுத்த தாள்ல முத்திரையும் இருக்கு. முத்திரை போட்ட தாள நான் பொய்யின்னு சொல்ல முடியுமா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "என்னை வில்லன் மாதிரி பார்க்காதீங்க. போன வாரம் மேல என்ன கேட்டாங்க தெரியுமா? ரிப்போர்ட் அட்டையில ரயில் படம் போடலாமான்னு."

"நம்ம சரக்கு ரயில்லயே போறதில்லையே."

"அதத்தான் சொன்னேன். ரயில்ல போட்டா இருபத்தஞ்சு கிராம் சொச்சம்தானே, ஏன் போடலன்னு கேட்டாங்க. அறுபது கிலோமீட்டருக்கு யாரு ரயில் விடறா? ஏத்த ஒரு லோரி, இறக்க ஒரு லோரி வேணும், ரெண்டு தடவ தூக்கி வைக்கணும்னேன். அப்ப படம் மட்டுமாவது போடுன்னாங்க." அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "கையுறை வாங்கறவங்களுக்குப் போக்குவரத்துல அடுத்த வருஷம் குறைச்சுக் காட்டறோம்னு எழுதிக் குடுத்தாச்சு. எங்கயாவது குறையணும்."

"குறைக்க வேண்டிய இடம் வேற, சார். மார்ச் மாசம்."

அந்த மாதத்தின் பெயர் கேட்டதும் சுகுமாறன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மார்ச்சில் தொழிற்சாலையில் ஒரு பாய்லர் நின்றுபோய், ஃபிராங்பர்ட் ஆர்டர் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு டன் கையுறை கப்பலுக்குக் காத்திருக்காமல் விமானத்தில் போனது.

"அது கார்பன் கணக்குல ஒன்பதாம் வகை," என்றார் மெதுவாக. "விமானக் கூலிய, கையுறை வாங்கறவங்க கட்டினாங்க. நாம கூலி கட்டி அனுப்பறது நாலாம் வகை. அதத்தான் ரிப்போர்ட்டுல போடறோம். மத்தவன் கட்டறது ஒன்பது. ஒன்பத நாம போடறதில்ல."

"போடலன்னா ஏன் போடலன்னு காரணம் எழுதணும், சார்."

"எழுதியாச்சே. தகவல் கிடைக்கலன்னு."

"தகவல் என் மேசையில இருக்கு. அவங்க ஏன் கட்டினாங்கன்னும் இருக்கு. 'கூலிய நீங்க கட்டுங்க, கையுறை விலையில கழிச்சுக் குடுக்கறோம்'னு இங்கருந்து போன ஈமெயில் யாரோடதுன்னும் எனக்குத் தெரியும்."

சுகுமாறன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மோனோரெயில் ஒன்று ஊர்ந்து போனது.

"எவ்வளவு வருது?" என்று கேட்டார். கேட்க விரும்பாதவனின் குரல் அது.

"பத்தாயிரம் கிலோமீட்டர். விமானத்துக்கு டன் கிலோமீட்டருக்கு அறுநூறு கிராம். எழுபத்திரண்டு டன் கார்பன், சார், அந்த ஒரே அனுப்பல்ல. அதே பெட்டிங்க கப்பல்ல போயிருந்தா, ஆப்பிரிக்காவச் சுத்திப் போனாலும் மூணு டன்னுக்குள்ளதான்."

"வாசு?"

"ஒரு நடைக்கு நூத்தி பதினெட்டு கிலோ. வருஷத்துக்கு அறுநூறு நடை. எழுபத்தோரு டன்." அவள் இரண்டு எண்களையும் தாளில் அருகருகே எழுதினாள். "வாசு அண்ணன் ரெண்டு லோரியும் வருஷம் முழுக்க ஓடினது, அந்த ஒரு விமானம் ஒரே ராத்திரில ஓடினது. ரெண்டும் ஒண்ணு. வாசு அண்ணன நிறுத்தறோம். விமானம் ரிப்போர்ட்டுலயே இல்ல."

"தெரியுது, ருமானா."

"தெரிஞ்சுமா, சார்?"

"தெரிஞ்சுதான். நாலு மணிக்குள்ள ரிப்போர்ட்ட மேல அனுப்பணும்."

அவள் தன் மேசைக்குப் போனாள். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு சேர்த்தாள்: 'இந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் கணக்கிடப்படவில்லை, ஒப்பிடக் கூடாது.' மூன்றரைக்குச் சுகுமாறனிடமிருந்து வரைவு திரும்பி வந்தபோது அந்த வரி இல்லை. அந்த இடத்தில் ஒரு பச்சை இலைப் படம் இருந்தது. சாலைப் போக்குவரத்துக் கோடு அடுத்த ஆண்டுக்கு நாற்பத்து மூன்று விழுக்காடு சரிந்து அழகாக இறங்கியிருந்தது. கீழே தயாரித்தவர் என்று அவள் பெயர். பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுந்து நிற்கும் துணிச்சல் கால்களுக்கு வரும் என்று காத்திருந்தாள் போலும். வரவில்லை. அனுப்பிவிட்டாள்.

பிறகு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போன ஆண்டு இதே வாசுவிடம் நேரில் போய் உட்கார்ந்து படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுத்தவள் அவள். "காலி வண்டியையும் எழுதுங்கண்ணே. முழுசா எழுதறவங்களுக்குத்தான் நாளைக்கு மதிப்பு" என்று சொன்னதும் அவள்தான். சொன்ன வாய் நேரில் போகத்தானே வேண்டும்.

லோரிகள் நிற்கும் பொட்டலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அவள் வருவதாகச் சொல்லியிருந்ததால் வாசு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் துண்டு. இருபத்தாறு ஆண்டுகளாக ஸ்டீயரிங் பிடித்ததில் வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"வா தங்கச்சி. டீ சொல்லட்டா, பால் இல்லாம, தே ஓ? மூஞ்சி என்னா, நோன்பு பிடிச்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் வேணாம்ணே."

"ஆபிஸ்காரங்க இந்த வெயில்ல கிள்ளான் வந்தா ஒண்ணு கல்யாணப் பத்திரிகை, இல்லன்னா சாவு சேதி. பத்திரிகைய காணோம்." சிரித்தார். பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தா, இந்த மாசத்துது. வீட்டுக்காரி சீதாலெட்சுமி கூட்டிப் பார்த்துட்டா. செவ்வாய்க்கிழம மேரு பக்கம் ஜாம்ல நின்னேன், ரெண்டு லிட்டர் கூட. அதையும் எழுதியிருக்கா. விடுடீன்னேன். ருமானா முழுசா எழுதச் சொன்னிச்சேங்கறா."

ருமானா அந்தத் தாளைத் தொடவில்லை. 'ஏற்றிப் போனது', 'காலியாக வந்தது' என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் நிறைந்திருந்தன.

"அண்ணே, ஒப்பந்தம் உங்களுக்கு இல்ல. இந்த மாசக் கடைசியோட சரி."

"ம்."

"உங்க எண்ணு பெருசாயிருச்சு. நீங்க ஒழுங்கா எழுதினதால. அவங்க காலி வண்டிய எழுதல. நான் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்..." அவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்புறம் நானே என் கையால அனுப்பிட்டேன்."

வாசு கண்ணாடிக் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"எனக்குக் காலையிலயே தெரியும்," என்றார்.

"யாரு சொன்னா?"

"அந்தக் கம்பெனிக்காரனே கூப்பிட்டான். எழுபத்தஞ்சு." விரலால் மேசையில் அந்த எண்ணை எழுதினார். "அவன்கிட்ட ரவாங் ஓட்டத்துக்கு லோரி பத்தலையாம். 'அண்ணே, உங்க வண்டி ரெண்டும் சும்மாதானே நிக்கப் போவுது, எங்களுக்குக் கீழ ஓட்டுங்க'ன்னான். கூலி குறைச்சல்தான். ரெண்டாவது லோரி டிரைவர வேலைய விட்டு அனுப்பணும். ஒரு லோரிய வித்துட்டு, மிச்சத்த நானே ஓட்டணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னா சொல்றது? சரின்னேன்." அவர் எதிரே கைகாட்டினார். நீல நிற லோரி வெயிலில் நின்றது. "அதே வண்டிதான், தங்கச்சி. அதே டயரு. ரவாங்ல அதே வாசல்ல ஏத்துவேன், அதே கிடங்குல இறக்குவேன், அதே பதினாறு லிட்டர எரிச்சிட்டு காலியா வருவேன். இந்த மாசம் வரைக்கும் நான் நூத்தி முப்பத்திரண்டு. ஒண்ணாந்தேதியிலருந்து எழுபத்தஞ்சு. என் வண்டிக்கு வயசு குறைஞ்சிருச்சு பாரு."

ருமானாவின் மனதில் அந்தச் சரிந்த கோடு வந்தது. அதன் ஓரத்தில் பச்சை இலை. உண்மையில் எதுவும் குறையவில்லை; ஒரு கிராம்கூட இல்லை. இந்த மனுஷனின் கூலி மட்டும்தான் குறைந்திருக்கிறது.

"அண்ணே, மன்னிச்சிருங்க."

"அத விடு லா. உன்ன ஒண்ணு கேக்கணும்னுதான் உக்காந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். புதுக் கம்பெனியின் படிவம். மேலே அவர்கள் முத்திரை. தேதி, லோரி எண், சரக்கு எடை, லிட்டர். ஏற்றிப் போனதற்கு ஒரு கட்டம். அதற்கு அடுத்து கையெழுத்துப் போடும் இடம். அவ்வளவுதான்.

காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"நீதானே எழுதக் கத்துக் குடுத்த. இதுல திரும்பி வர்ற வண்டிய நான் எங்க எழுதட்டும்?"