குடைக்குப் பதினான்கு

கஸ்தூரியின் புகார் நேராகப் பள்ளிக்கு வரவில்லை. ஆறாம் ஆண்டுப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்த பிறகுதான் துணைத் தலைமையாசிரியனான என் மேசைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். இது போதாதா?

விஷயம் இதுதான். ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்பு பள்ளியே ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்தது. தமிழ்த்தாளில் "நான் ஒரு குடை" என்று தன்கதை எழுதச் சொல்லியிருந்தோம். கஸ்தூரியின் மகன் கவினுக்கு முப்பதுக்குப் பதினான்கு. திருத்தியவர் ஷாமளா, ஒப்பந்த ஆசிரியை. அவர் பாரபட்சமாக மதிப்பெண் போடுகிறார், அவரை வகுப்பை விட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போவேன் என்று கஸ்தூரி எழுதியிருந்தார்.

ஷாமளாவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் நேரத்தில் கோப்பில் இப்படி ஒரு புகார் பதில் இல்லாமல் கிடந்தால் அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்தான். இரண்டு நாளாக ஆசிரியர் அறையில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

கஸ்தூரி ஆதாரமும் இணைத்திருந்தார். போன வருடம் கவின் எழுதிய "நான் ஒரு பேனா" கட்டுரை. அதற்கு அப்போதைய ஆசிரியர் இருபத்தைந்து போட்டிருந்தார். "அதே கட்டுரைதான். அப்போது இருபத்தைந்து, இப்போது பதினான்கு. இது அநியாயம் இல்லாமல் வேறு என்ன?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடவுளே! உண்மையிலேயே அதே கட்டுரைதான். பேனா என்று இருந்த இடத்திலெல்லாம் குடை என்று போட்டிருக்கிறான் பையன். "நான் ஒரு குடை. தொழிற்சாலையில் என் உடலுக்குள் நீல மையை ஊற்றி, தலையில் மூடி போட்டார்கள். என் எஜமானர் என்னைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தேர்வு எழுதப் போனார்." சட்டைப் பையில் குடை! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து காளிதாஸ் எட்டிப் பார்த்தார்.

காளிதாஸ் வேறு வகுப்பின் தமிழாசிரியர். நல்லதாகப் போயிற்று என்று அவரையே பிடித்துக்கொண்டேன். தாளை நகலெடுத்து, பெயரையும் ஷாமளாவின் மதிப்பெண்ணையும் மறைத்து, மதிப்பீட்டு விதிமுறையோடு அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் பதின்மூன்று போட்டுத் திருப்பித் தந்தார். ஷாமளாவாவது ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருக்கிறாரே என்று எனக்குள் குதித்தேன்.

அன்றே பதில் கடிதத்தை எழுதி, தலைமையாசிரியர் சபாபதியிடம் நீட்டினேன். கையெழுத்து அவருடையதாயிற்றே. படித்தவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'மை ஊற்றிய குடையை இந்த உலகத்தில் எங்கும் கண்டதில்லை.' என்னய்யா இது?"

"உண்மைதானே, சார்?"

"உண்மையா இருந்தா? நக்கல் பண்ணா நாளைக்கு இந்த லெட்டரே வாட்ஸ்அப்ல சுத்தும் லா. அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. எந்த வரிக்கு ஏன் கொறஞ்சுச்சுன்னு காட்டுங்க. கொறச்சத மட்டும் இல்ல, எதுக்குக் குடுத்தோம்னும் காட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். 'மதிப்பிற்குரிய திருமதி கஸ்தூரி அவர்களுக்கு' என்று தொடங்கும்போதே கை கூசியது. ஆனாலும் எழுதினேன். தலைப்புக்குப் பொருந்தாத கருத்துகளை வரி எண்ணோடு காட்டினேன். இரண்டாம் ஆசிரியர் தனியே திருத்தியதைச் சொன்னேன். போன வருடத் தாளின் தலைப்பு பேனா என்பதால் அங்கே அந்தக் கருத்துகள் சரி, இங்கே சரியல்ல என்றும் விளக்கினேன். மதிப்பெண்ணில் மாற்றமில்லை, ஆசிரியை மீது பாரபட்சத்துக்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று முடித்தேன். சபாபதி இந்த முறை சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

கடிதத்தை நேரில் வாங்கிக்கொள்ள வெள்ளிக்கிழமை கஸ்தூரி வந்தார். சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே எல்லைப் பாலம் தாண்டி அங்கே போகிறவர், அன்று விடுப்பு எடுத்திருந்தார். அந்த எரிச்சலும் முகத்தில் இருந்தது. ஷாமளா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒரு நாள் சம்பளம் போச்சு சார், உங்க டீச்சரால."

"உக்காருங்கம்மா. படிச்சுப் பாருங்க. கேள்வி இருந்தா கேளுங்க."

முதல் பக்கத்தைப் படித்ததும் காகிதத்தை மேசையில் அடித்தார். "எல்லாம் ஒரே கூட்டு! அந்தக் கட்டுரை எழுதினது நான், சார். நான் படிச்ச காலத்துல தமிழ்ல நான்தான் முதல். சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ண வெச்சேன். எந்தத் தலைப்பு வந்தாலும் பேர மட்டும் மாத்திக்கடான்னு சொல்லி அனுப்பினேன். என் கட்டுரைக்குப் பதினாலா? இவங்க யாரு எனக்கு மார்க் போட?"

அலமாக், இதென்ன கூத்து! அந்தம்மா சொன்னது அவருக்கே காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சபாபதியின் சிவப்புப் பேனா நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டேன்.

ஷாமளா முதல் முறையாக வாயைத் திறந்தார். குரல் நடுங்கவில்லை. "உங்களுக்கு நான் மார்க் போடலங்க. கவினுக்குத்தான் போட்டேன். ரெண்டாவது பக்கத்தையும் படிங்க."

"இன்னும் என்ன குத்தம் கண்டுபிடிச்சிருக்கீங்க?" என்றபடி கஸ்தூரி திருப்பினார். 'மதிப்பெண் வழங்கப்பட்ட இடங்கள்' என்ற தலைப்பின் கீழ் கவினின் வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். கட்டுரையின் கடைசியில், மனப்பாடம் தீர்ந்துபோன இடத்தில், பையன் சொந்தமாக எழுதியவை.

"மழை வந்தால் மட்டும்தான் அம்மா என்னைத் தேடுவார். மழை நின்றதும் சிங்கப்பூர் பஸ்ஸிலேயே என்னை விட்டுவிட்டு இறங்கிவிடுவார். நான் ஜன்னல் ஓரத்தில் இருந்து அம்மா போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

அதன் கீழே என் வாக்கியம்: 'கருத்துக்காக இம்மாணவர் பெற்ற மதிப்பெண்ணில் பெரும்பகுதி இவ்வரிகளுக்கே வழங்கப்பட்டது. இரு ஆசிரியர்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தனர்.'

கஸ்தூரி படித்தார். மறுபடியும் படித்தார். நான் அடுத்த சத்தத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"இது நான் சொல்லிக் குடுக்கல" என்றார்.

"தெரியும்" என்றார் ஷாமளா.

"தேவையில்லாம இத எழுதித்தான் மார்க் போச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி..." நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய வேலை அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ரோத்தான் பிரம்பால அடிச்சேன். இந்த மூணு வரிக்குத்தான் அடிச்சேன்."

எனக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கஸ்தூரி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பழைய குரலாகிவிட்டது. "புகார வாபஸ் வாங்கிக்கிறேன். குரூப்லயும் எழுதிடறேன். ஆனா உங்க நகல்லேர்ந்து இந்த ரெண்டாவது பக்கத்த எடுத்துடுங்க, சார். கோப்புல இருக்க வேணாம்."

ஷாமளா என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை எடுத்தால் ஷாமளாவுக்காகப் பேசக் கோப்பில் பாதிகூட மிஞ்சாது.

"முடியாதும்மா" என்றேன். "உங்க பிள்ளை வாங்கின மார்க்குக்கு அதுதான் ஆதாரம்."

கஸ்தூரி பேனாவை எடுத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.