செல்வலட்சுமியின் கல்யாணக் கேசட்

சிவகாசியில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கடை வைத்திருந்தாள் அருணாதேவி. யார் வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டைக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். ஆனால் அவள் வீட்டு பீரோவுக்குள்ளேயே ஒரு கேசட் கிடந்தது. அதை மட்டும் அவள் தொட்டதில்லை. அவள் புருஷன் முனியராஜின் முதல் கல்யாணக் கேசட் அது.

முதல் மனைவி செல்வலட்சுமி காய்ச்சலில் இறந்தபோது மகள் சினேகாவுக்குப் பேச்சுகூடச் சரியாக வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அருணாதேவி இரண்டாந்தாரமாக இந்த நாரணாபுரம் வீட்டுக்கு வந்தாள். தலைவாரி விட்டதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்ததும், காலேஜில் சேர்த்துவிட்டதும் அவள்தான். இருந்தாலும் சினேகாவுக்கு அவள் சித்தி. அம்மா என்பது சுவரில் மாலை போட்டிருந்த படம். அந்தப் படத்தில் செல்வலட்சுமி உதட்டை இறுக்கி மூடியிருப்பாள். வீட்டிலிருந்த மற்றப் படங்களிலும் அப்படித்தான்.

தன் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு சினேகாவே கேட்டாள். "சித்தி, எங்க அம்மா கல்யாணக் கேசட்டை மாத்திக் குடுங்க. ரிசப்ஷன்ல ஸ்கிரீன்ல போடணும். அப்புறம் நம்ம வீட்டுப் பழைய வீடியோ, போட்டோ எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து வைக்கணும். எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக பாக்கணும்ல."

"அதுக்கென்ன, மாத்திட்டாப் போச்சு" என்றாள் அருணாதேவி. தன் குரல் வறண்டிருந்தது அவளுக்கே கேட்டது.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படியே வி.சி.ஆரில் போட்டால் டேப்பும் கெடும், டேப்பைப் படிக்கிற ஹெட்டும் கெடும். திருகாணிகளைக் கழற்றி, டேப்பை மெல்லச் சுற்றிச் சுற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் வெள்ளைப் படிவைத் துடைத்தாள். நன்றாகக் காயவிட்டு, வேறு நல்ல கேசட் கூட்டில் மாட்டி ஓடவிட்டாள். ஓடுகிற நேரம் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை இது. டேப் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்த வழியே கிடையாது. ஆகவே தன் புருஷனின் முதல் கல்யாணத்தை மேளத்திலிருந்து பந்தி வரைக்கும் அவள் பார்க்க வேண்டியதாயிற்று.

அருணாதேவியின் கல்யாண வீடியோவில் முனியராஜ் ரேஷன் கடை வரிசையில் நிற்பவனைப் போல நின்றிருப்பான். இங்கே அப்படியில்லை. பாலும் பழமும் கொடுக்கிற இடத்தில், சுற்றி நின்ற பெண்கள் கேலி பேச, அவன் குனிந்து செல்வலட்சுமியின் காதில் ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அவன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கேமரா நகர்ந்த பிறகும் அவன் பார்வை நகரவில்லை.

அருணாதேவி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தன்னை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் அடங்குகிற எரிச்சலாக அது இல்லை.

அதற்குமேல்தான் சுத்தம் செய்கிற வேலை. படத்தின் அடியில் நெளிந்த கோட்டை மறைத்தாள். அசைவுகளில் சீப்புப் பல் மாதிரி தெரிந்த விளிம்புகளைச் சரிசெய்தாள். வெளியே வழிந்த சேலைச் சிவப்பை அடக்கினாள். எல்லாம் முறையாகத்தான் செய்தாள். முகம் என்று வந்தபோதுதான் கை வேறு பக்கம் போனது. முகங்களைத் தெளிவாக்கும் ஏ.ஐ. வசதி ஒன்று அவளிடம் இருந்தது. பழைய டேப்பில் அதை மிகக் குறைவாக வைக்க வேண்டும். இல்லையென்றால் அது இருக்கிற முகத்தை விட்டுவிட்டுத் தானே ஒரு முகத்தை வரைந்துவிடும். வாடிக்கையாளர்களிடம் அவளே அதைச் சொல்வாள். இப்போது அதன் அளவைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள்.

செல்வலட்சுமியின் முகம் மெழுகு பூசினாற்போல வழுவழுவென்று ஆனது. தெத்துப்பல் போய், வரிசையான பற்கள் வந்தன. விளம்பரத்தில் வருகிற யாரோ ஒரு பெண் சிரித்தாள். அருணாதேவிக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் காட்சியை மட்டும் சினேகாவின் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

முனியராஜ் அதைப் பார்க்கவில்லை. தீபாவளி சீசன், பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்புகிற வேலை அவனுக்கு. "சாவகாசமாப் பெருசாப் போட்டுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் சினேகா கடைக்கு வந்தாள். அழுதிருந்தாள், சிரிக்கவும் செய்தாள்.

"அம்மா எம்புட்டு அழகு சித்தி! பல்லு முத்துக் கோத்த மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் எங்கன இருந்து வந்துச்சோ இது." மேலுதட்டைத் தூக்கித் தன் தெத்துப்பல்லைக் காட்டினாள். "விருதுநகர்ல டாக்டர்கிட்ட பேசிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி இதைப் பிடுங்கிட்டு வேற பல்லு கட்டிக்கிறேன். அம்மா மாதிரியே ஆயிரும்ல?"

அருணாதேவி அந்தப் பல்லையே பார்த்தாள். தினமும் பார்க்கிற பல். சினேகா சிரிக்கும்போதெல்லாம் கையால் மறைக்கிற பல். டேப்பைப் பார்த்தபோது அது பிள்ளையின் பல் என்று ஏன் தனக்கு உறைக்கவில்லை? செல்வலட்சுமியைப் பார்த்த பார்வையில் பிள்ளையை மறந்தே போயிருந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. செல்வலட்சுமியின் அடையாளம் அந்த வீட்டில் ஒன்று குறையும். அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

"உக்காரு" என்றாள். சுத்தம் செய்யாமல் வைத்திருந்த முதல் பதிவைத் திறந்து அந்த இடத்தை ஓட்டினாள். புள்ளி புள்ளியாக மினுங்கிய படத்துக்குள் செல்வலட்சுமி தலை சாய்த்துச் சிரித்தாள்.

சினேகா திரையை ஒட்டிக் குனிந்தாள். விரல் தானாக வாய்க்குப் போனது. "இது... எனக்கு இருக்கிற மாதிரியே..." என்றவள் திரும்பினாள். "அப்போ நீங்க அனுப்புனதுல ஏன் இது இல்ல? மெஷின் தப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"மெஷின் இல்ல. நான்தான் அழிச்சேன். உங்கப்பா அவுகளப் பாத்த பார்வை எனக்குப் பொறுக்கல."

சினேகா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டரிடம் போகவில்லை. ஆனால் சித்தியிடம் பேசவும் இல்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எடுப்பதும் வைப்பதும் மட்டும்தான் கேட்டது. அருணாதேவி கடையில் முதல் பதிவிலிருந்து மறுபடி தொடங்கினாள். முகத்தைத் தொடவே இல்லை. புள்ளிகளை லேசாகக் குறைத்து, நிறத்தை மட்டும் சமன்செய்து, முழுக் கேசட்டையும் முடித்தாள். தொடாத முதல் பதிவையும் பக்கத்திலேயே வைத்தாள்.

சீசன் லோடு ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யில் போட்டார்கள். அந்த இடம் வந்ததும் முனியராஜ் நாற்காலியை விட்டு எழுந்து டி.வி. அருகே போய் நின்றான். அப்புறம் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அவுக காதுல என்ன சொன்னீக?" என்று அருணாதேவி கேட்டே விட்டாள்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றான் அவன். ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு பழையபடி எரிந்தது. படம் பந்திக்கு வந்தது; சினேகா யாரையோ காட்டிக் கேட்க, முனியராஜ் தெரியாது என்று தலையாட்டினான். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று அருணாதேவி முந்தானையை ஒதுக்கினாள்.

"இருங்க சித்தி" என்றாள் சினேகா. பல நாள் கழித்து வந்த பேச்சு அது. முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "பந்தியில ஒருத்தி பச்சைச் சேலையில நிக்கா. யாருன்னு எழுதி வைக்கணும், அப்பாவுக்கும் தெரியல. நீங்கதான் முழுசாப் பாத்திருக்கீக. அவ எங்க அம்மாகூட வேற எங்கயாச்சும் வாராளா?"

அருணாதேவி உட்கார்ந்தாள். ரிமோட்டை வாங்கி, படத்தைப் பின்னால் ஓட்டினாள்.