கதிரையிலிருந்து சேருக்கு

சென்னையிலிருந்து வந்த குரல் பதிவைக் கேட்டதும் கலாராணிக்கு முகம் செத்துப்போயிற்று.

"வார்த்தை எல்லாம் சரிதான் மேடம். ஆனா நம்ம ஊர் ஆள் சொல்ற மாதிரி இல்ல. நாளைக்குள்ள சரியா வரலேன்னா இங்கேயே ஒருத்தரை வச்சுப் படிச்சுக்கிறோம்."

ஒலிக்கதைச் செயலி ஒன்றுக்காக மன்னாரிலிருந்து கதை வாசிப்பவள் அவள். ஒரே கதைதான், நாட்டுக்கொரு வாசிப்பு. இலங்கைக்கு உரியதை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். மலேசியாவுக்கு அந்த ஊர்க்காரி ஒருத்தி, கதைச் சிறுவன் காலையில் சாப்பிட்டதை அந்த ஊர் வழக்கில் 'பசியாறினான்' என்று அழகாக வாசிக்கிறாள். தமிழ்நாட்டு வாசிப்பை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்க இவளுக்கு மனமில்லை. ஒன்பது வருடம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள் அல்லவா! பள்ளிக்கூடத்தில் முதல் நாளே, "ரீச்சர், என்ர கதிரை ஆடுது" என்று நாற்காலியைச் சொன்னதற்கு வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்த ஊர் சிரிக்காமல் கேட்கும்படி ஒரு கதையாவது வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"மாத்தவேண்டிய சொல்லெண்டு பட்டியலில கிடந்ததெல்லாம் மாத்தினனாங்கள்தானே அக்கா?" என்றான் ஒலிப்பதிவு செய்யும் நிரூபன்.

"எங்க, அந்த வரியை வாசி பாப்பம்."

"'யன்னலோரம் கதிரையில் இருந்து பாண் தின்றான்' எண்டது, 'சன்னலோரம் நாற்காலியில் இருந்து ரொட்டி தின்றான்' எண்டு வந்திருக்கு."

"அட கடவுளே! சாமான்களின்ர பேரை மட்டும் மாத்திப்போட்டு, ஆளை எங்கட மாதிரியே இருக்க விட்டிருக்கிறம். அங்க கதிரையில ஆரடாப்பா இருக்கிறது? உட்காருறது!"

பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். முகாம் வாசலில் டீக்கடை வைத்திருந்த செல்வமேரி அக்காவை நினைத்துக்கொண்டாள். "உட்காரு புள்ள, சூடா டீ குடி. பன்னு திங்கிறியா?" பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்த நாளெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் கழிந்தது. டீயின் இனிப்புக்கூட நாக்கில் வந்து நின்றது. எப்படியிருந்த மனுசி! இப்போது இருக்கிறாவோ, இல்லையோ.

வெளியே மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளில் ஒன்று கத்தி ஓயும்வரை பொறுத்திருந்து, அந்த அக்காவுக்கே சொல்வதுபோல வாசித்தாள்.

"ஜன்னல் பக்கம் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயில் பன்னை முக்கித் தின்றான்."

அதை அனுப்பியதற்கு, மறுநாள் காலை சென்னையிலிருந்து குரல் பதில் வந்தது. "செமயா இருக்குக்கா! முழுக் கதையும் நீங்களே படிச்சிடுங்க. ஆமா, நீங்க ராமநாதபுரம் பக்கமா? சொல்லவே இல்லையே!"

கலாராணி அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"என்னக்கா, மன்னார் எண்டு சொல்லேல்லையோ?" என்றான் நிரூபன்.

"சொல்லுவன், நாளைக்கு," என்றாள். "இண்டைக்கு ஒரு நாள் அந்த ஊர்க்காரியா இருந்திட்டுப் போறன், விடடா."