நேற்றுச் சாப்பிட்ட கணக்கு

"பொய் சொன்னா உனக்குத்தாம்மா நஷ்டம்," என்றாள் டயட்டீஷியன். "நேத்து முழுக்க ஒரு டம்ளர் ஜூஸும் ரெண்டு வெள்ளரிக்காயும்தான்னு சொல்ற. எடை எண்பத்தி நாலு காட்டுது. நான் என்னன்னு நம்புறது?"

அம்மா உடனே ஒத்து ஊதினாள். "நல்லாக் கேளுங்க மேடம். வீட்லயும் இதே கதைதான்."

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்த மகள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். இப்போதெல்லாம் அதைச் சொல்லிக் கூப்பிடும்போதே சித்தி ஒரு மாதிரி சிரிக்கிறாள். இருபத்தாறு வயதில், சினைப்பை நீர்க்கட்டி என்று சீட்டு எழுதி அனுப்பிய டாக்டரம்மாவிலிருந்து தன்னைப் பெற்றவள் வரை, அவள் சொல்லும் ஒரு வார்த்தையையும் யாரும் நம்பியதில்லை. இந்த டயட்டீஷியனாவது நம்புவாள் என்றுதான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

"நான் சொன்னது சத்தியம்," என்றாள். "வேணும்னா நம்புங்க, வேணாம்னா விடுங்க."

"வாயைப் பாத்தீங்களா? வாய் மட்டும் இளைக்கவே மாட்டேங்குது," என்றாள் அம்மா.

டயட்டீஷியன் பேனாவை மேசைமேல் போட்டாள். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பார்த்த அலுப்பு அவள் முகத்தில் அப்பியிருந்தது. "சரி, தினமும் இப்படித்தானா?"

"இல்ல. நேத்து மட்டும்."

"நேத்து மட்டும் ஏன்?"

"இன்னைக்கு எடை பாப்பீங்கன்னு தெரியுமே! ஏறி நின்னா எல்லாரும் உச்சுக் கொட்டுவீங்க. அதான் பட்டினி கிடந்தேன்."

டயட்டீஷியன் மேசையில் போட்ட பேனாவை மறுபடி எடுத்தாள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறாள் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"மத்த நாள்ல?"

பெரியவள் சொன்னாள். காலையில் அம்மா கையில் திணிக்கும் பழ ஜூஸ், அவ்வளவுதான். மதியம் அரைவயிறு. நாலு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட் முழுசும் போகும், கூடவே இரண்டு டீ, சர்க்கரை தூக்கலாக. ராத்திரி வீட்டில் எல்லார் கண்ணெதிரிலும் பேருக்குக் கொறித்துவிட்டு, பிறகு யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் நின்றபடியே ரொட்டி.

"திருட்டுத் தீனி!" என்றாள் அம்மா.

"பசிம்மா அது," என்றாள் டயட்டீஷியன் வெடுக்கென்று. "குளுக்கோஸ் குடிச்சு எடுத்த டெஸ்ட்ல சர்க்கரை எல்லையைத் தாண்டியிருக்கு. இன்சுலின் சொல்றதை இவ உடம்பு சரியாக் கேக்கல. அதனால இன்னும் இன்னும் சுரக்குது. அந்த அதிகப்படிதான் சினைப்பையைத் தூண்டிவிட்டு ஆண் ஹார்மோனைக் கூட்டுது, தீட்டைத் தள்ளிப்போடுது. இதுல பட்டினி கிடந்துட்டு இனிப்பா அள்ளிப் போட்டா எப்படி? ஜூஸை நிறுத்துங்க. காலையில முட்டையோ பயறோ, கூட காய், கொஞ்சம் ரொட்டி. நாலு மணிக்கு ஒரு பிடி கடலை. தினமும் அரைமணி நேரம் வேகமா நடக்கணும்."

"மாசம் எத்தனை கிலோ குறையும்?" என்று கேட்டாள் அம்மா.

"ஆறு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சாலே போதும். அதுலயே தீட்டு ஒழுங்கா வர வாய்ப்பிருக்கு. ஒருவேளை எடை இறங்கலன்னாலும் சர்க்கரை சரியாகலாம். முதல் மாசம் எடையே பாக்கப் போறதில்ல. காலைச் சாப்பாடு விடாம சாப்பிட்டாளான்னு மட்டும்தான் கேப்பேன்."

அம்மா விருட்டென்று எழுந்தாள். "இளைக்க வழி கேட்டு வந்தா திங்கச் சொல்லி அனுப்புறீங்க! நல்ல வைத்தியம்! இவளுக்குச் சோம்பல் மேடம். குளிக்கிறதுகூட ஒழுங்காக் கிடையாது. பாருங்க இந்த லட்சணத்தை!" என்று மகளின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

பெரியவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பின்கழுத்து முழுக்கக் கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. அதன்மேல் சிவப்புச் சிவப்பாய்க் கீறல்கள்.

டயட்டீஷியன் எழுந்து வந்து பார்த்தாள். "இந்தப் புண்ணு எப்படி வந்துச்சு?"

"நான்தான் தேய்ச்சேன்," என்றாள் அம்மா. "இவ வயசுக்கு வந்ததுலேருந்து வாராவாரம் நாரை வெச்சுத் தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது. அவ்வளவு அழுக்கு."

"இது அழுக்கே இல்லம்மா. அதே இன்சுலின்தான் தோலை இப்படித் தடிக்க வைக்குது. அது குறைஞ்சா இதுவும் கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கும். தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகி இன்னும்தான் கருக்கும்."

காலரைப் பிடித்திருந்த அம்மாவின் கை நழுவியது. "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலில் முன்பிருந்த காரம் இல்லை. "இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

பெரியவள் காலரைச் சரிசெய்துகொண்டாள்.

"வலிக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேம்மா. நடிக்கிறேன்னு சொல்லிட்டு நீ இன்னும் அழுத்தித் தேய்ச்சே."