நான்கு செய்திகள், ஒரு தண்ணீர் மெஷின்

சரத் எழுந்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிஜ்ஜில் வைத்தான். குளித்தான். பிரெட்டை நின்றுகொண்டே தின்றான். ஹைதராபாத்தின் மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினான். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

மாதாப்பூரில் அவன் வேலை பார்க்கும் விளம்பர நிறுவனத்தில் ஷர்மிளா ஏற்கெனவே வந்திருந்தாள். அவள்தான் அங்கே எல்லாம்.

“இன்னைக்கு மதியத்துக்குள்ள ஒண்ணு சொல்லிடணும், சரத். இல்லேன்னா முரளி கையில கொடுத்துடுவேன். அப்புறம் நீ பிழை திருத்திட்டு உக்கார வேண்டியதுதான்.”

மனைவி இறந்தபின் நெடுநாள் விடுப்பில் இருந்துவிட்டு வந்தவனை நம்பி அவள் கொடுத்த முதல் வேலை அது. ஜீடிமெட்லாவில் ஒரு கம்பெனி தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் செய்கிறது. மெஷின் விற்கிறது. வருடாந்தர சர்வீஸ் திட்டத்தைத்தான் யாரும் எடுப்பதில்லை. எடுக்க வைக்க, வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி.

சரத் நான்கு எழுதியிருந்தான். ஒவ்வொன்றையும் வெவ்வேறு சிலருக்கு அனுப்பிப் பார்த்தாயிற்று. பயத்துக்கு ஒன்று: ‘உங்கள் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது?’ சிக்கனத்துக்கு ஒன்று: ‘இன்றே எடுத்தால் இருபது சதவீதம் மிச்சம்.’ பெருமைக்கு: ‘தரம் தெரிந்த வீடுகளுக்கு மட்டும்.’ கூட்டத்தோடு சேர: ‘ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கை.’

வந்த பதில்கள் மண்டையைக் குழப்பின.

“பயம்தான், சந்தேகமே இல்லை. எத்தனை பேர் திறந்து பாத்திருக்காங்க பாரு!” என்றான் பக்கத்து மேஜை முரளி.

“திறந்தவங்கள்ல பாதிப் பேர் நம்ம நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.”

“பயந்துட்டாங்க. வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

“பயந்தவன் பதிவு பண்ணலையே. கண்ணை மூடிக்கிட்டான்.”

“அப்போ மிச்சத்தைப் போடு.”

“அதைப் பாத்தவங்க இன்னும் குறையுமான்னு கேக்கறாங்க. குறையலேன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாமாம்.”

“பெருமை?”

“ஒருத்தர் கட்டை விரல் காட்டியிருக்கார்.”

முரளி சிரித்தான். “கடைசி ஒண்ணு நக்கோ, வேணவே வேணாம். ஆயிரம் குடும்பத்தை ஒரு குடும்பம்கூடக் கண்டுக்கல.”

சரத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் பயம் சரி என்று பட்டது. பிறகு சிக்கனம். பிறகு எதுவுமே படவில்லை. எது யாருக்கு உறைக்கும் என்று ஒரு காலத்தில் பட்டென்று சொல்லுவான். இப்போது தனக்கே எது உறைக்கும் என்று தெரியவில்லை.

ஷர்மிளா டீயோடு வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்தாள். “உங்க வீட்லயும் அந்த மெஷின்தானே?”

“ஹவ்,” என்று தலையாட்டினான்.

“சர்வீஸ் எடுத்திருக்கியா?”

“எடுத்திருக்கு.”

“ஏன் எடுத்தே? பயமா, துட்டா?”

எடுத்தது அவன் மனைவி ஸ்மிதா. அவளுக்குக் கிருமி பயம் கிடையாது. சாலையோரப் பானிபூரியை இரண்டு தட்டு சாப்பிடுவாள். தள்ளுபடிக்கு மயங்குகிறவளும் இல்லை. கௌரவம் பார்த்தவளும் இல்லை. பின் ஏன்?

யோசிக்க யோசிக்க, அந்த நாள் வந்து நின்றது.

“அந்த நாலாவதுதான்,” என்றான்.

“அதுதான் ஊத்திக்கிச்சே!” என்றான் முரளி.

“ஆயிரம் குடும்பம்னு எழுதினது தப்பு. அந்த ஆயிரம் பேர் யாருன்னு யாருக்குத் தெரியும்? உங்க பில்டிங்ல இன்னார் வீட்டுக்கு வியாழக்கிழமை சர்வீஸ் ஆள் வர்றார், உங்க வீட்டுக்கும் வரட்டுமான்னு கேக்கணும். நெஜமா ஆள் போற இடத்துக்கு மட்டும். பேரைப் போட அவங்க சம்மதமும் வேணும்.”

ஷர்மிளா டீயைக் குடித்து முடித்தாள்.

“ஆள் போற தடத்தைக் கம்பெனில கேட்டு வாங்கு. ரெண்டு பில்டிங்குக்கு அனுப்பிப் பாப்போம். பதிவு வந்தா உன்னுது. வரலேன்னா முரளி.” எழுந்தவள் நின்றாள். “இது உனக்கு எங்கேர்ந்து தோணிச்சு?”

“தோணலை. கேட்டது.”

இது சரிதானா என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து ஊரையே கணக்குப் போடுவது இந்தத் தொழிலில் பெரிய தப்பு. இருந்தும் ஜீடிமெட்லாவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

ஸ்மிதா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கல்பகம் கேட்டபோது, ‘உங்களை விசாரித்தாள்’ என்றிருந்தான். நண்பர்களிடம் வேறு ஏதோ. அவரவருக்கு ஏற்றதாக ஒன்று. உண்மையில் அவள் வீட்டிலிருந்து போனில்தான் பேசினாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். ‘உன் இஷ்டம்’ என்று வைத்துவிட்டான். சற்று நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு மங்களம் அழைத்தாள், அலறிக்கொண்டு. மூளையில் ரத்தக்கசிவு என்று பிறகு சொன்னார்கள்.

அவள் சொன்னது இதுதான்:

“சரத், மங்களம் அக்கா வீட்டுக்கு மெஷின்காரன் வந்திருக்கான். அப்படியே நம்மளதுக்கும் சர்வீஸ் எடுத்துடட்டுமா?”