சுற்றளவு பூஜ்யம்

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அவளுடைய அத்தான்தான் தலைமைத் தேர்வாளர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே அவரிடம் அவளுக்கு மரியாதை கிடையாது. எதற்கெடுத்தாலும் ஒரு சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். கல்லூரியில் அவருக்குப் பெயரே 'குறுக்குவழி'.

அன்று அவர் அனுப்பிய விடைக்குறிப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சமபக்க முக்கோணம், பக்கம் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் நடு மூன்றிலொரு பங்கிலும் ஒரு சிறு முக்கோணத்தை எழுப்ப வேண்டும், இப்படியே முடிவில்லாமல். கடைசியில் வரும் பனித்துகள் உருவத்தின் சுற்றளவு என்ன? 'பூஜ்யம்' என்றது குறிப்பு.

சுற்றியிருந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து, 'முடிவிலி' என்று எழுதியிருந்த விடைகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிய தலைகள்!

அவள் எழுந்து அவரிடம் போனாள்.

"சார், இது தப்பு."

"மூணோட ஒண்ணு, மூணுல நாலு, ஒம்பதுல பதினாறுன்னு கூடிக்கிட்டே போகுது. சூத்திரத்துல போட்டா அந்தக் கூடுதல் மைனஸ் மூணு. மூணும் மைனஸ் மூணும் பூஜ்யம். இதுல என்ன தப்பு?"

"கூட்டக் கூட்ட மைனஸ் ஆகுமா சார்? பொது விகிதம் ஒண்ணைவிடச் சின்னதா இருந்தாத்தான் அந்தச் சூத்திரம். இங்க மூணுல நாலு. ஒவ்வொரு தடவையும் சுற்றளவு அத்தனை மடங்கு ஆகுது. எல்லையே கிடையாது."

அவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "அப்போ பரப்பும் முடிவிலிதானே? சொல்லும்மா!"

அவள் சாக்பீஸை எடுத்தாள். முதல் முக்கோணத்தைப் பலகையில் போட்டு, அதன் மூன்று முனைகளையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தாள். "எத்தனை முளைச்சாலும் இந்த வட்டத்தைத் தாண்டாது. முதல்ல சேர்றது, ஆரம்பப் பரப்புல மூணுல ஒண்ணு. அப்புறம் முக்கோணம் நாலு மடங்கு, ஒவ்வொண்ணும் ஒம்பதுல ஒரு பங்கு. விகிதம் ஒம்பதுல நாலு. இங்க உங்க சூத்திரம் செல்லும். சேர்றது அஞ்சுல மூணு. மொத்தம் அஞ்சுல எட்டு. இவ்வளவு பரப்பைச் சுத்தி வர்ற கோடு பூஜ்யம்னா, அந்தக் கோடு எங்க சார் போச்சு?"

யாரோ இருமினார்கள். அத்தானின் முகம் சுருங்கியது. அவர் பலகையைப் பார்க்கவில்லை, குறிப்பைத்தான் பார்த்தார்.

"அச்சுப்பிழை," என்று அறிவித்தார். "எல்லாக் கட்டையும் திரும்பத் திருத்துங்க."

சற்று நேரத்தில் கைபேசியில் அக்காவின் அழைப்பு வந்தது; அவள் வாசலுக்குப் போய் எடுத்தாள். "ஏண்டி, நாலு பேர் முன்னாடி அவரை அசிங்கப்படுத்தினியாமே?"

"நான் எங்கக்கா படுத்தினேன்? அவரே எழுதிக் குடுத்திருந்தாரு."

அவள் திரும்பி வந்து அமர்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர், தாம் அடித்த தாள்களுக்கு மதிப்பெண் போட்டபடியே குனிந்து கிசுகிசுத்தார்: "எனக்கும் தெரியும் மேடம். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அத்தானுக்காவது நிஜமாகவே தெரியவில்லை. அவள் நாற்காலியைத் தூக்கி அடுத்த வரிசையில் போட்டுக்கொண்டாள்.